மடக்கு போன்: கீல் தேறிவிட்டது, திரை இன்னும் தேறவில்லை

மடக்கு போன் வாங்கலாமா என்று யோசிக்கும் பலருக்கும் முதலில் எழும் சந்தேகம் கீலைப் பற்றித்தான். தினமும் நூறு தடவை மடக்கி விரித்தால் அந்த இணைப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்கிறார்கள். நியாயமான சந்தேகம். கம்பெனிகளும் அதற்குப் பதிலாக ஓர் எண்ணைக் கையில் வைத்திருக்கின்றன. 2019-இல் வந்த சாம்சங்கின் முதல் கேலக்ஸி ஃபோல்டு 2 லட்சம் மடிப்பு தாங்கும் என்றார்கள். 2025-இல், இசட் ஃபோல்டு 7-இல் இருக்கும் திரையை 5 லட்சம் முறை மடித்துப் பார்த்தாயிற்று என்று சாம்சங் டிஸ்ப்ளே அறிவித்தது. பீரோ வெரிட்டாஸ் என்ற சோதனை நிறுவனம் அதைச் சரிபார்த்திருந்தது. நாளைக்கு 100 முறை என்று கணக்குப் போட்டால் 2 லட்சம் என்பது ஐந்தரை ஆண்டு. 5 லட்சம் என்பது பதிமூன்று ஆண்டுக்கும் மேல். அவ்வளவு காலம் யாரும் ஒரே போனை வைத்திருப்பதில்லை. அப்படியானால் கேள்வி தீர்ந்ததா? தீரவில்லை என்பதே என் வாதம். அந்த எண் பொய்யில்லை. ஆனால் இந்த போன்கள் வீணாவது பெரும்பாலும் மடிப்பின் எண்ணிக்கையால் கிடையாது. எதனால் வீணாகின்றன, வீணானால் எவ்வளவு செலவு என்ற இரண்டையும் அந்த எண் சொல்வதில்லை. சாதாரணமாக போன் வாங்குபவர் முடிவெடுக்க வேண்டியது இந்த இரண்டையும் வைத்துத்தான்.

இதற்கு 2019 ஏப்ரலில் நடந்ததைவிடத் தெளிவான சான்று கிடையாது. முதல் கேலக்ஸி ஃபோல்டு கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்கு மதிப்புரைக்காக போன்களைக் கொடுத்தார்கள். ஓரிரு நாளிலேயே சில போன்கள் செத்துப்போயின. சிலர் திரைமேல் இருந்த படலத்தை, புதுப் பொருளோடு ஒட்டி வரும் சாதாரண பிளாஸ்டிக் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். அது திரையின் ஓர் அங்கம். உரித்ததும் திரை போயிற்று. படலத்தைத் தொடாதவர்களுக்கும் தொல்லை வந்தது. 'தி வெர்ஜ்' தளத்தின் டீட்டர் போன் என்பவருக்குக் கொடுத்த கருவியில், மடிப்பின் ஓரம் உள்ளிருந்து சின்னதாகப் புடைத்தது. ஏதோ ஒரு துகள் கீலுக்குள் புகுந்து திரைக்கு அடியில் போய் உட்கார்ந்து, திரையை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் திரை பழுதானது. இயந்திரம் 2 லட்சம் முறை மடித்துக் காட்டும் வீடியோவைச் சாம்சங் அதற்கு முந்தைய மாதம்தான் வெளியிட்டிருந்தது. சுத்தமான அறையில் 2 லட்சம் முறை மடிந்த அதே வடிவமைப்பு, சட்டைப் பையில் இரண்டு நாள் தாங்கவில்லை. விற்பனையைத் தள்ளிவைத்து செப்டம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது செய்த திருத்தங்களைப் பாருங்கள்: படலத்தின் ஓரத்தைச் சட்டத்துக்கு அடியில் மறைத்தார்கள், கீலின் இரு முனைகளிலும் இருந்த திறப்பை மூடிபோட்டு அடைத்தார்கள், திரைக்கு அடியில் கூடுதலாக உலோகத் தகடு வைத்தார்கள். மூன்றுமே வெளியிலிருந்து வரும் தொல்லைக்கான பரிகாரங்கள். இன்னும் அதிக முறை மடிய வேண்டும் என்பதற்காகச் செய்தது அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அதன் பிறகு கீல் உண்மையிலேயே முன்னேறியிருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது. வெளியார் செய்த சோதனைகளிலேயே அது தெரிகிறது. 2019 அக்டோபரில் சிநெட் தளம் ஓர் இயந்திரத்தை வைத்து கேலக்ஸி ஃபோல்டை மடித்தபோது, சுமார் 1,20,000 மடிப்பில் பாதித் திரை அணைந்தது. 2020 தொடக்கத்தில் மோட்டோரோலா ரேஸரை அதே இயந்திரத்தில் வைத்தபோது 27,000 மடிப்பு வாக்கில் கீல் இறுகிப்போனது. அந்த இயந்திரம் தங்கள் போனின் அமைப்புக்கு ஏற்றதில்லை என்று மோட்டோரோலா மறுத்தது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. 2023-இல் போலந்து யூடியூபர் ஒருவர் இரண்டு போன்களைக் கையாலேயே மடக்கவைத்து நாள்கணக்கில் நேரலை செய்தார். ரேஸர் 40 அல்ட்ரா ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியதும் நின்றது. இசட் ஃபிளிப் 5 நாலு லட்சத்தைத் தாண்டியும் ஓடியது. ஒரு கம்பெனியின் ஒரேயொரு கருவியை வைத்துச் செய்யும் சோதனையால் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. இன்று பெரிய கம்பெனியின் மடக்கு போனில் கீல் தேய்ந்தே போன் வீணாகும் என்று பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது தூசிக்கு. ஏன் என்று புரிய, கீலுக்கு மேலே திரை எப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போனின் இரு பாதிகளிலும் திரை ஒட்டப்பட்டிருக்கிறது. நடுவில், கீலுக்கு மேலே, அது எதோடும் ஒட்டப்படாமல் இருக்கிறது. மடிக்கும்போது அந்தப் பகுதி வளைந்து உள்வாங்க இடம் வேண்டும் என்பதால் அடியில் வெற்றிடம் விட்டாக வேண்டும். அந்த வெற்றிடத்துக்கு வெளியிலிருந்து வழியும் இருக்கிறது, ஏனென்றால் நகரும் பாகத்தை ரப்பர் வைத்து முழுக்க அடைப்பது கடினம். தண்ணீரை வேறு விதமாகச் சமாளித்தார்கள். இரு பாதிகளையும் தனித்தனியாக அடைத்து, நடுவில் கீலுக்குள் தண்ணீர் வந்து போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். தண்ணீர் வடிந்துவிடும். மணல் வடியாது. 2020-இல் வந்த இசட் ஃபிளிப்பிலிருந்து கீலுக்குள் நுண்ணிய நைலான் இழைகளைத் தூரிகைபோல வைக்கிறார்கள், தூசியைத் தள்ளத்தான். தள்ளுகிறது, முழுக்க இல்லை.

பெட்டிமேல் எழுதியிருக்கும் ஐபி எண்ணே இதை ஒப்புக்கொள்கிறது. ஐபி48 என்றால் முதல் இலக்கமான 4 திடப்பொருளுக்கானது, இரண்டாவதான 8 தண்ணீருக்கானது. 4 என்பதற்குப் பொருள், ஒரு மில்லிமீட்டரைவிடப் பெரிய பொருள் உள்ளே போகாது என்பது மட்டுமே. மெரினாவிலோ காரைநகரிலோ காலில் ஒட்டும் மணலில் பெரும்பகுதி அதைவிடச் சிறியது. வீட்டுத் தூசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இசட் ஃபோல்டு 7-க்கு இருப்பது இந்த ஐபி48-தான். கிட்டத்தட்ட எல்லாச் சாதாரண உயர்விலை போனுக்கும் இருப்பது ஐபி68. அதில் 6 என்றால் தூசி அறவே புகாது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து வேகமாகப் படித்தால் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், ஆனால் நம் ஊர் புழுதிக்கு முன்னால் இரண்டும் வேறு வேறு. 2025-இல் கூகுளின் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு, மடக்கு போன்களில் முதலாவதாக ஐபி68 பெற்று வந்தது. அதைப் பெரிய விஷயமாகவே மதிக்கிறேன். என் வாதத்தில் பாதியை அது தொடங்கிவைத்த வழி தீர்க்கக்கூடும். ஆனால் ஐபி சோதனை புதுக் கருவிக்குச் செய்வது. மூன்று ஆண்டு மடங்கி விரிந்த பிறகும் அந்த அடைப்பு அப்படியே இருக்கிறதா என்பதற்குக் காலம்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாடல் தேறியதால் மற்றவை தேறிவிட்டதாகவும் ஆகாது.

இனி திரைக்கு வருவோம். உண்மையான பலவீனம் அங்கேதான். கண்ணாடி எப்படி வளைகிறது? எந்தப் பொருளை வளைத்தாலும் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. எவ்வளவு நீள்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: தடிமனை, வளைவின் ஆரத்தின் இருமடங்கால் வகுக்க வேண்டும். சாதாரண போனின் கண்ணாடி சுமார் 0.7 மி.மீ. தடிமன். அதை 1.5 மி.மீ. ஆரத்தில் வளைத்தால் 0.7-ஐ 3-ஆல் வகுக்க வேண்டும். நூற்றுக்கு 23 பங்கு நீள வேண்டும். எந்தக் கண்ணாடியும் அதற்கு வெகு முன்பே உடைந்துவிடும். அதனால் கண்ணாடியை மெலிதாக்குகிறார்கள். இசட் ஃபிளிப்பில் வந்த மிக மெல்லிய கண்ணாடி சுமார் 30 மைக்ரான், அதாவது 0.03 மி.மீ. அதே ஆரத்தில் அது நூற்றுக்கு ஒரு பங்குதான் நீள்கிறது. குறையில்லாத, நன்றாகப் பதப்படுத்திய கண்ணாடி அதைத் தாங்கும். ஆனால் இந்த மெலிவுக்கு ஒரு விலை உண்டு. தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி, ஒரு புள்ளியில் விழும் அழுத்தத்தைத் தாங்காது. ஒரு மணல் துகள் அடியிலிருந்து தள்ளினாலோ மேலே இருந்து நகம் அழுத்தினாலோ அங்கிருந்து விரிசல் ஓடும். அதனால் அந்தக் கண்ணாடிமேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியாக வேண்டியிருக்கிறது. விளம்பரம் கண்ணாடி என்கிறது. விரல் தொடுவதோ பிளாஸ்டிக்கை. அதில் நகத்தடம்கூடப் பதியும்.

இங்கேதான் நல்ல கீலின் பயனும் புரியும். கீல் திரையை எவ்வளவு அகலமான வளைவில் மடிக்கிறதோ அவ்வளவு தடிமனான கண்ணாடியை வைக்கலாம். முதல் சாம்சங் மாடல்களில் திரை குறுகலான வளைவில் மடிந்தது. மூடிய போனின் இரு பாதிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளியும் இருந்தது. ஹுவாவே மேட் எக்ஸ் 2, ஓப்போ ஃபைண்ட் என் ஆகியவற்றில் 2021-இலேயே கண்ணீர்த்துளி வடிவ மடிப்பு வந்தது: மடிக்கும்போது கீலின் தகடுகள் பின்வாங்கி, திரை உள்ளே துளிபோல அகலமாகச் சுருண்டுகொள்ள இடம் கொடுக்கின்றன. சாம்சங் 2023-இல் ஃபோல்டு 5-இலிருந்து அந்த வழிக்கு வந்தது. ஃபோல்டு 7-இல் கண்ணாடியின் தடிமனை 50 சதவீதம் கூட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள். மேலே போட்ட கணக்குப்படி, அதே ஆரத்தில் மடித்தால் இழுவையும் 50 சதவீதம் கூடும். எனவே கீல் இன்னும் அகலமான வளைவைக் கொடுத்தால்தான் தடித்த கண்ணாடி சாத்தியம். அதாவது கீலில் வந்த முன்னேற்றம் திரைக்கும் மெல்ல மெல்லப் போய்ச் சேர்கிறது. சேர்ந்து முடியவில்லை.

மடிப்புக் கோட்டைப் பற்றிய பேச்சு எல்லா மதிப்புரையிலும் வரும். பெரும்பாலும் 'பழகிவிடும்' என்று முடியும். பார்வையைப் பொறுத்தவரை அது உண்மை. கோடு கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் பள்ளத்தின் ஆழத்தைவிட அதன் சரிவு. கண்ணாடி ஒரு பாகை சாய்ந்தால் அதில் பிரதிபலிக்கும் ஒளி இரண்டு பாகை விலகும். அதனால் அணைந்த திரையில் டியூப்லைட் பிரதிபலிக்கும்போது கோடு பளிச்சென்று தெரியும். வெள்ளைப் பக்கத்தை நேராகப் பிடித்துப் படிக்கும்போது மறைந்துவிடும். கண்ணீர்த்துளி மடிப்பில் அதே பள்ளம் அகலமாகப் பரவுவதால் சரிவு குறைந்து, கோடு மங்கலாகிறது. இருட்டுக் காட்சிகள் நிறைந்த படம் பார்ப்பவருக்கும் விளக்குக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் அது தொந்தரவு; மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை. அழகைப் பற்றிய கவலை என்ற அளவில் இதை நான் தள்ளிவிடுகிறேன்.

ஆனால் கோடு வேறொன்றையும் சொல்கிறது; அதைத் தள்ளிவிட முடியாது. மடக்குத் திரை ஒரே பொருள் கிடையாது. மேலே படலம், அடியில் கண்ணாடி, அடியில் ஓ.எல்.இ.டி., அதற்கும் அடியில் நுண்ணிய துளைகள் வெட்டிய தாங்குதகடு, இவற்றுக்கிடையே மென்மையான பசை அடுக்குகள். தடித்த நோட்டுப் புத்தகத்தை வளைத்தால் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் அது வளைகிறது; இங்கே அந்த வழுக்கலை அனுமதிப்பது பசை. பசையும் பிளாஸ்டிக்கும் கண்ணாடிபோல உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மடித்த நிலையில் நெடுநேரம் வைத்தால் அந்த வடிவத்துக்கே மெல்ல இசைந்துபோகும். திறந்த பிறகு முழுக்க மீளாது. அந்த மீளாத பாக்கிதான் நீங்கள் பார்க்கும் கோடு. சூடு கூடக் கூட இந்த இசைவு வேகமாகும். முதல் சில மாதங்களில் கோடு வேகமாக ஆழமாகி, பிறகு மெதுவாவதும் இந்த இசைவின் இயல்பால்தான். இப்போது மடிப்பு எண்ணிக்கைக்குத் திரும்பிப் பாருங்கள். 5 லட்சம் மடிப்புச் சோதனையை 25 பாகை வெப்பத்தில் பதிமூன்று நாளில் முடித்தார்கள். அதில் திரை மடிந்தபடி ஓய்ந்து கிடக்கும் நேரம் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் பையில் இருக்கும் போனோ நாளின் பெரும்பகுதி மடிந்தே கிடக்கிறது. இரவு முழுக்க மடிந்து கிடக்கிறது. மே மாத மத்தியானம், நிறுத்திவைத்த காருக்குள் 50 பாகைக்கு மேலும் மடிந்து கிடக்கிறது. சூட்டிலும் ஈரத்திலும் மடித்துவைத்துப் பார்க்கும் சோதனைகளும் ஆய்வகங்களில் உண்டு. ஆனால் விளம்பரத்தில் வருவது எண்ணிக்கை மட்டும்தான். குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம்: உறைபனியில் பசை இறுகிவிடும், வழுக்காது, அந்த நேரத்தில் வெடுக்கென்று விரித்தால் இழுவை முழுவதும் கண்ணாடிமேல் விழும். கனடாவிலும் நார்வேயிலும் இருக்கும் வாசகர்கள் போனைச் சட்டைக்குள்ளே வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பசை தளர்வதை முதலில் காட்டிக்கொடுப்பது மேல்படலம். ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து, நடுக்கோட்டின் மேல் சிறு காற்றுக்குமிழி போலத் தோன்றும்; பிறகு அது கோட்டோடு நீளும். நிறைய மடக்கு போன் வைத்திருப்பவர்கள் பார்த்திருக்கும் காட்சி இது. குமிழி படலத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருந்தால் பெரிய ஆபத்தில்லை, படலத்தை மாற்றினால் போதும். ஆனால் அப்படியே விட்டு மடக்கிக்கொண்டிருந்தால் உயர்ந்து நிற்கும் இடத்தில் தூசி சேரும், மடிக்கும்போது அழுத்தம் சமமாகப் பரவாது. எரிச்சலில் கையால் உரித்தால் திரையே போகும் வாய்ப்பு உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண டெம்பர்ட் கிளாஸ் இதற்கு ஒட்டவே முடியாது. அதாவது இது பராமரிப்பு கேட்கும் போன். குமிழி வந்ததும் சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் படலம் மாற்ற வேண்டும் என்பது, டயர் தேய்ந்தால் மாற்றுவதைப்போல உரிமையாளரின் வழக்கமான கடமைகளில் ஒன்றாகிவிடுகிறது. ஏழு ஆண்டு சாஃப்ட்வேர் அப்டேட் தருவதாகச் சாம்சங் சொல்கிறது. அந்த ஏழு ஆண்டுக்குள் படலம் எத்தனை தடவை மாறும், அதற்கு யார் காசு கொடுப்பது என்பது அந்த வாக்குறுதியில் இல்லை.

சாதாரண போனும்தான் கீழே விழுந்தால் உடைகிறது, அதற்கும் திரை மாற்றத்தானே செய்கிறோம் என்று கேட்பீர்கள். பலமான மறுப்புத்தான். ஆனால் இரண்டும் உடையும் விதம் வேறு. சாதாரண போனில் பெரும்பாலும் மேல் கண்ணாடிதான் விரிசல் விடுகிறது. அடியில் திரை ஓடிக்கொண்டிருக்கும், வசதிப்படும்போது மாற்றிக்கொள்ளலாம், விரிசலோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்களும் உண்டு. மடக்குத் திரையில் மெல்லிய கண்ணாடி போனால் அடியில் இருக்கும் ஓ.எல்.இ.டி.-யையும் பெரும்பாலும் சேர்த்துக்கொண்டு போகிறது: கோட்டின் அருகே ஒரு கறுப்புப் புள்ளி, அதிலிருந்து பச்சையோ ஊதாவோ நிறத்தில் செங்குத்துக் கோடு, சில நாளில் பாதித் திரை இருட்டு. கீழே விழாமலேயே, ஒரு காலையில் விரிக்கும்போதே இது நடக்கலாம். அப்போது சர்வீஸ் சென்டரில் 'ஃபிசிகல் டேமேஜ்' என்ற சொல் வரும். வாரண்டியில் சேருமா சேராதா என்ற வாக்குவாதம் தொடங்கும். துகள் உள்ளே போனது யார் தவறு என்பதை வாங்கியவரால் நிரூபிக்க முடியாது.

விலையையும் பாருங்கள். கூகுளின் முதல் பிக்சல் ஃபோல்டு 2023-இல் அமெரிக்காவில் 1,799 டாலர். அதன் உள்திரையை உதிரிபாகமாக ஐஃபிக்ஸிட் விற்றபோது விலை ஏறக்குறைய 900 டாலர்: போன் விலையில் பாதி. எல்லா மாடலுக்கும் பாதி ஆகாது. இன்னும் குறைவாகக் கேட்கும் கம்பெனிகள் உண்டு. மூன்றில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். இந்தியாவில் இசட் ஃபோல்டு 7 வந்தபோது அதன் தொடக்க விலை 1,74,999 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு 58,000 ரூபாய். ஐந்து ஆண்டு வைத்திருப்பதாகத் திட்டமிட்டு, அதற்குள் ஒரு தடவை உள்திரை மாற்ற நேர்ந்தால் மொத்தச் செலவு 2,33,000. அதே வேலைக்கு 70,000 ரூபாயில் நல்லதொரு சாதாரண போனும் 35,000 ரூபாயில் டேப்லெட்டும் வாங்கினால் 1,05,000. டேப்லெட் திரை மடக்குத் திரையைவிடப் பெரியதும்கூட. இரண்டுக்கும் இடையிலான தொகையில் அந்தச் சாதாரண போனை இன்னொரு தடவை புதிதாக வாங்கிவிட்டு மிச்சமும் வைக்கலாம். இந்தியாவில் விற்கும் போன்களின் சராசரி விலை இருபதாயிரத்தைச் சற்றே தாண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 58,000 ரூபாய் பழுதுபார்ப்புச் செலவு எந்த அளவு என்பது விளங்கும்.

இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொண்டால் போயிற்று என்பது அடுத்த மறுப்பு. எடுக்கத்தான் வேண்டும், மடக்கு போன் வாங்கிவிட்டு எடுக்காமல் இருப்பது விவேகமில்லை. ஆனால் அது செலவைப் பரப்புகிறதே ஒழியப் போக்குவதில்லை. ஒவ்வொரு ஆண்டும் கட்டணம், ஒவ்வொரு பழுதுக்கும் நம் பங்கு, வாங்கிய சில நாளுக்குள் சேர வேண்டும் என்ற நிபந்தனை, ஆண்டுக்கு இத்தனை தடவைதான் என்ற வரம்பு. பொதுவாக இத்தகைய திட்டங்கள் ஓரிரு ஆண்டோடு நிற்கும். பசை மேலும் தளர்ந்து திரை உண்மையாகவே மூப்படைவது அதற்குப் பிறகுதான்.

இப்போது விலை இறங்கிவிட்டதே என்று சொல்பவர்கள் ஃபிளிப் வகையைக் காட்டுவார்கள். 2025-இல் மோட்டோரோலா ரேஸர் 60 இந்தியாவில் 49,999 ரூபாய்க்கு வந்தது. அதை மறுக்க முடியாது. இந்த விலையில் மடக்கு போன் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அமைப்பை யோசித்தால் ஃபிளிப் வகைதான் திரைக்குக் கடுமையானது என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தகம்போல விரியும் ஃபோல்டு வகைக்கு வெளியே முழு அளவில் ஒரு சாதாரணத் திரை இருக்கிறது. போன் பேச, வாட்ஸ்அப் பார்க்க, ஜிபேயில் பணம் அனுப்ப அதுவே போதும். உள்திரையைப் படிக்கவும் படம் பார்க்கவும் மட்டும் திறந்தால் போதும். உள்திரை செத்தாலும் அது ஒரு போனாகத் தொடர்ந்து ஓடும். ஃபிளிப்பில் வெளித்திரை சின்னது. பெரும்பாலான வேலைக்குத் திறந்தாக வேண்டும். ஒரு நாளில் அதிகம் மடியும் போன் அதுதான். உள்திரை போனால் கையில் இருப்பது அழைப்பை எடுக்க உதவும் சின்னச் சதுரம் மட்டுமே. இதற்கெல்லாம் ஈடாகக் கிடைப்பது பையில் பாதி இடம். சின்னப் பையும் சிறிய பாக்கெட்டும் உள்ள பலருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அது உண்மையான பயன். அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் ஐம்பதாயிரத்தில் வேறெதையும் விட்டுக்கொடுக்காமல் கிடைக்கும் பயன் என்று யாரும் நினைத்து வாங்கிவிடக் கூடாது.

ஆக, சாதாரணமாக போன் வாங்குபவருக்கு, அதாவது ஒரே போனை நாலைந்து ஆண்டு வைத்திருப்பவருக்கு, பழுதானால் அந்த மாதச் செலவில் துண்டு விழுபவருக்கு, இன்னும் இது ஏற்ற பொருள் இல்லை என்பது என் முடிவு. உலகில் விற்கும் போன்களில் நூற்றுக்கு இரண்டுகூட மடக்கு போன் இல்லை என்பதைப் பார்த்தால், மக்களும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்த முடிவுக்கு விலக்கானவர்களும் உண்டு. பயணத்தில் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் பி.டி.எஃப்., எக்செல், வரைபடம் என்று பெரிய திரையில் வேலை பார்க்க வேண்டியவர், டேப்லெட்டைச் சுமக்க முடியாதவர், இரண்டு மூன்று ஆண்டில் எப்படியும் மாற்றிவிடுபவர் ஃபோல்டு வகையை வாங்கலாம். இசட் ஃபோல்டு 7 எடை 215 கிராம்தான், கையில் அது சாதாரண போனைவிடப் பெரிய பாரம் இல்லை. கட்டட வேலை, மரப்பட்டறை, மாவு மில், கடற்கரை என்று தூசியோடு புழங்குபவர் எந்த விலையிலும் வாங்க வேண்டாம்.

வாங்குவது என்று தீர்மானித்தவர் கடையில் கேமராவைச் சோதிப்பதற்கு முன்பு சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடலாம். உள்திரை மாற்ற எவ்வளவு, அந்தத் தொகையில் கீலும் சட்டமும் சேர்ந்து வருகிறதா, மேல்படலம் மாற்ற எவ்வளவு, அதை உங்கள் ஊரிலேயே செய்வார்களா அல்லது மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மடக்கு போனை வாங்குபவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். திரையை அணைத்து, டியூப்லைட் பிரதிபலிக்கும்படி சாய்த்து, கோடு நெடுக ஒரே சீராக இருக்கிறதா, எங்காவது தனியாகப் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சீரான பள்ளம் வயதைக் காட்டுகிறது; தனிப் புடைப்பு உள்ளே துகள் இருப்பதைக் காட்டுகிறது. பிறகு போனைக் காதருகே வைத்து மெதுவாக மடக்கி விரியுங்கள். நறநறவென்ற சத்தம் கேட்டால் மணல் உள்ளே போயிருக்கிறது. பாதி திறந்த நிலையில் கையை எடுங்கள். நின்ற இடத்தில் நிற்காமல் தொய்ந்தால் கீல் தளர்ந்திருக்கிறது. கடைசியாக, முழு வெள்ளைப் பக்கம் ஒன்றை வைத்து நடுக்கோட்டின் இரு முனைகளையும் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கடுகளவு கறுப்பு தெரிந்தாலும் விலை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.